அறுநூற்றுப் பன்னிரண்டு

ஜமுனாமரத்தூர் தாலுகா அலுவலகத்தில் ஒப்பந்தக் கணினி ஆளாகத் தேவயானி சேர்ந்து எட்டு மாதம். வன உரிமைப் பட்டா கேட்டவர்களின் பட்டியல் அவளிடம் வந்தபோது அதில் அறுநூற்று எண்பத்தெட்டு வரிகள் இருந்தன. ஆளாளுக்குத் தட்டியது. ஒரே பெண் ஓரிடத்தில் ‘சாந்தம்மாள்’, இன்னோரிடத்தில் ‘சாந்தம் மாள்’. சில பெயர்களுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. கணினிக்கு அவை வேறு வேறு ஆட்கள்.

இடைவெளிகளையும் புள்ளிகளையும் நீக்கினாள். பெயர், கணவர் பெயர், ஊர் மூன்றும் ஒன்றாக இருந்தவற்றைக் கழித்தாள். அறுநூற்று நாற்பது.

“மேல அறுநூத்தி பன்னெண்டுன்னு சொல்லியாச்சு. அதுக்கு மேல ஒண்ணு கூடாது,” என்றார் மேலாளர் பார்த்திபன்.

எழுத்துப் பிழையால் இரட்டித்தவற்றைப் பிடிக்க, பெயர்களைப் பக்கத்து நெடுவரிசையில் படியெடுத்து, அதில் மட்டும் ண, ந இரண்டையும் ன ஆக்கிப் பார்த்தாள். அறுநூற்றுப் பத்தொன்பது. ள-வையும் ல ஆக்கினாள். அறுநூற்றுப் பன்னிரண்டு! அத்துடன் நிறுத்திக்கொண்டாள். கழிந்த இருபத்தெட்டு வரிகளைத் அதே கோப்பில் தனித் தாளில் வைத்தாள்.

பட்டியலை வெளியே ஒட்டிய மறுநாள் இரண்டு பெண்கள் வந்தார்கள்.

“எம் பேரு கன்னியம்மா. இவ பேரும் கன்னியம்மா. எங்க வூட்டுக்காரர் சடையன், இவ வூட்டுக்காரரும் சடையன். வேற வேற குடும்பம்மா. ஒரு பேருதான் ஒட்டியிருக்கு. அது யாருது?”

தேவயானி தாளைத் திறந்தாள். கன்னியம்மாள், கண்ணியம்மாள். எழுத்துப் பிழை என்று அவள் கழித்தது ஓர் ஆள்.

“சார், இவங்க ரெண்டு பேருங்க. சேர்த்துடலாமா?”

“சேர்த்தா பதிமூணு ஆவும். நீதானே சரி பண்ண? உன் கையெழுத்துதான் போட்ருக்கு,” என்று பார்த்திபன் தலையைத் தூக்காமல் சொன்னார்.

விட்டால் ஒரு குடும்பத்தின் நிலம் போகும். சேர்த்தால் தன் பிழையைத் தானே எழுதிக் கொடுத்ததாகும். அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். கழித்த வரிகளில் அந்த ஊர்க்காரர்களைத் தேடினாள்.

“அக்கா, உங்க ஊரு ஆளுங்க இதுல இன்னும் மூணு பேரு இருக்காங்க. சொல்றேன், ஒரே ஆளா, ரெண்டு ஆளான்னு சொல்லுங்க.”

மூத்தவள் விரல் மடக்கினாள். “செல்லி ஒருத்திதான், ரெண்டு தபா எழுதிட்டாங்க. வள்ளியும் வல்லியும் வேற வேற. ஈஸ்வரியில ஒருத்தி மாமியா, இன்னொருத்தி மருமவ. மாமியா புருசன் பேருக்கும், மருமவ புருசன் பேருக்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம்.”

கன்னியம்மாளோடு மூன்று வரிகளைப் பட்டியலில் திரும்பச் சேர்த்தாள். அறுநூற்றுப் பதினைந்து. மற்ற ஊர்களின் இருபத்து நான்கு வரிகள் இன்னும் யாரும் கேட்காமல் கிடந்தன.

“அந்தப் பட்டியல மேல அனுப்பிட்டியா?” உள்ளேயிருந்து பார்த்திபன் கேட்டார்.

“இன்னும் இல்லங்க. ஊருக்கு ஒருத்தர கேக்கணும்.”

“அதுவரைக்கும் நீ எங்கயும் போவாத.”

தேவயானி அடுத்த ஊரின் பெயரைத் தட்டி, அங்கே யாருக்குப் போன் செய்வதென்று தேடத் தொடங்கினாள்.