உதவிக்கு யாரைக் கூப்பிடுவது

உப்பளத்துக்கு ஆப் வரப்போகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்தே எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. மரக்காணத்தில் கலியமூர்த்தி முதலாளியின் ஆபீசில் ஆட்களின் வருகையையும் லோடையும் எழுதுவது நான்தான், பல வருஷமாக. இனி பாத்தி ஓரத்திலேயே மேஸ்திரிகள் ஆட்களின் முகத்தைப் படம்பிடித்து, அதையெல்லாம் போனில் போட்டுவிடுவார்களாம். அப்புறம் இந்த ஆண்டாள் எதற்கு?

பாண்டிச்சேரி கம்பெனியிலிருந்து வந்த தவுசீப், ஆட்களுக்கு அனுப்பவேண்டிய செய்திகளுக்குத் திட்டம் போட்டுக் கொண்டுவந்தான். எந்தச் செய்தி, யாருக்கு, என்றைக்கு, யார் பெயரில் போகவேண்டும் என்று.

"அக்கா, தமிழ் மட்டும் கொஞ்சம் பாத்துக் குடுங்க."

முதல் செய்தி முதலாளி பெயரில், ஏன் இந்த மாற்றம் என்று. இரண்டாவதில் பயிற்சித் தேதிகள்: திங்கள் மேஸ்திரிகள், செவ்வாய் லோடு ஏற்றும் பெண்கள், புதன் எடைமேடை ஆட்களும் வாட்ச்மேனும். மூன்றாவது, ஆப் தொடங்கும் நாளுக்கு: ஒரு மாதம் ஆப்பிலும் நோட்டிலும் சேர்த்துப் பதிவு, பிறகு ஆப் மட்டும். ஒவ்வொன்றின் அடியிலும் உதவிக்குக் கூப்பிடும் நம்பர். முதல் மாதம் தவுசீப். அதற்கப்புறம் வெற்றிடம்.

வாட்ச்மேனுக்குக்கூடப் பயிற்சித் தேதி இருந்தது. எனக்கு இல்லை.

"இந்த எடத்த ஏம்பா காலியா வுட்டிருக்க?"

தவுசீப் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மொதலாளி அப்புறம் சொல்றேன்னாருக்கா."

"அப்புறம்னா?"

"எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா."

தெரியாதவன் எதற்கு முகத்தைத் திருப்புகிறான்? முதலாளியிடம் போய் அதையே கேட்டேன். ரெண்டாவது டீ குடிக்கிறாயா என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் முதல் டீகூடத் தந்ததில்லை. எனக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. சண்டாளன், கழற்றிவிடப் பார்க்கிறான்.

நேராக என் மேசைக்கு வந்தேன். வெற்றிடத்தில் என் பெயரையும் நம்பரையும் அடித்தேன். கூடவே, 'பயிற்சி வேலை நேரத்திலேயே, அன்றைக்குக் கூலி உண்டு' என்றும் சேர்த்தேன். அது இல்லாவிட்டால் ஒருத்தி எட்டிப் பார்க்கமாட்டாள். பிரிண்ட் எடுத்து முதலாளியின் முன் வைத்தேன். மேலே தன் பெயர் பெரிதாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்.

"சரி சரி, அனுப்பு."

முதல் இரண்டு செய்திகளும் போயின. படிக்காதவர்களுக்காக அவற்றையே வாய்ஸாகவும் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் லூர்துமேரி கூப்பிட்டாள். லோடு ஏற்றும் பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி.

"ஏம்மே ஆண்டாளு, மூஞ்சப் படம் புடிக்கிறதெல்லாம் ஆளக் கொறைக்கத்தானே? நாங்க யாரும் ட்ரெயினிங்குக்கு வர்றதா இல்ல."

"கீழ வரைக்கும் கேட்டியா?"

"கேட்டேன். உன் நம்பரு சொல்லியிருக்குது. நீ இருப்பியா?"

எனக்கே தெரியாததைக் கேட்கிறாள். "இருப்பேன்," என்றேன்.

"அப்ப செவ்வாக்கெழம வர்றோம். நீ இல்லன்னா பாத்துக்க, கூடையக் கவுத்துட்டுப் போய்ட்டே இருப்போம்."

மறுநாள் காலையில் முதலாளி போனை நீட்டிக்கொண்டு வந்தார்.

"யாரக் கேட்டு உன் நம்பரப் போட்ட?"

"நீங்கதான் பாத்தீங்க, அனுப்புன்னீங்க."

"என் மச்சான் பொண்ணு அஸ்வினி கம்ப்யூட்டர் படிச்சிட்டு சும்மா இருக்குது. அது பாத்துக்கும்." குரல் இறங்கியது. "அடுத்த மாசம் சொல்லலாம்னு இருந்தேன். இப்ப திருத்தி ஒரு மெசேஜ் போட்டுடு."

ஆக, நான் நினைத்ததுதான். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் எதிரிலேயே அடித்துக் காட்டினேன்.

'அடுத்த மாதத்துக்கு மேல் ஆண்டாள் வேலையில் இருக்கமாட்டார். அவர் செய்த வேலையை ஆப்பும் என் மச்சான் மகளும் செய்வார்கள். இப்படிக்கு, கலியமூர்த்தி.'

"இப்படியா எழுதுவாங்க?"

"இதுதானே விஷயம்? உங்க பேர்லதான் போவணும், திட்டம் அப்படி. அனுப்பட்டுங்களா?"

அவர் தவுசீப்பைப் பார்த்தார். அந்தப் பையன் முதன்முறையாக நிமிர்ந்தான். "சார், இது போச்சுன்னா செவ்வாக்கெழம ஒருத்தரும் வரமாட்டாங்க. சீசன்ல லோடு நின்னுடும்."

வெளியே காலி லாரிகள் வரிசையில் நின்றிருந்தன. முதலாளி வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

"அனுப்பாத. உன் நம்பரே இருக்கட்டும்."

வாய்ப்பேச்சை நம்ப நான் என்ன பைத்தியமா? இன்னொன்று அடித்தேன். 'நோட்டு நின்றபிறகும் ஆப் சம்பந்தமான எல்லாவற்றுக்கும் ஆண்டாள்தான். அவருக்குப் பயிற்சி திங்கட்கிழமை. இப்படிக்கு, கலியமூர்த்தி.'

"இத நீங்களே அனுப்புங்க. உங்க போன்லேர்ந்து."

அவர் கட்டைவிரல் திரைக்கு மேல் வெகுநேரம் நின்றது. நான் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் அமுக்கினார், என்னைப் பார்க்காமல் கார் பக்கம் போனார்.

உப்புக் குவியல்களுக்கு அந்தப்பக்கம் ஒவ்வொரு போனாக மணி அடிக்கும் சத்தம் கேட்டது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.