கடிகாரக் குறி

ஷார்ஜாவுக்குத் திரும்பும்போது ரசீத் தன் பழைய போனை மனைவி தஸ்லிமாவிடம் விட்டுப் போனான். அதிலிருந்த தன் கணக்கை எடுக்கவில்லை. மேலப்பாளையத்தில் யாரும் எடுப்பதில்லை. ஷார்ஜாவில் அவன் வாங்கிய புதுப் போனிலும் அதே கணக்குதான்.

மகள் அஸீலாவுக்கு ஒருநாள் காய்ச்சல். தேடல் பெட்டியில் ‘காய்ச்சல்’ என்று தட்டியதுமே, ‘காய்ச்சல் மூளைக்கு ஏறினால்’ என்று ஒரு வரி கீழே வந்து நின்றது. தஸ்லிமா பதறிப்போய்த் தம்பி முஆதைக் கூப்பிட்டாள். அவன் பஜாரில் போன் பழுது பார்க்கிறவன்.

“ஊரெல்லாம் கேக்குத கேள்விய அது எடுத்துப் போடுது லாத்தா. ஒம் பிள்ளையப் பாத்தா சொல்லுது? நீ ஒரு ஆளு.”

அதன்பிறகு பயம் விட்டது. தமிழ் எழுத்தைத் தேடித் தேடித் தட்டுகிறவளுக்குப் பாதியிலேயே மீதியை அது எழுதிக் கொடுத்தது வசதியாகவும் இருந்தது.

மழைக்காலத்தில் பிள்ளைக்குச் சளி கட்டியது. ‘நெஞ்சு’ என்று தட்டினாள். முதல் வரி, ‘நெஞ்சு வலி இடது கை மரத்துப்போதல்’. யாரோ, பாவம் என்று நினைத்துக்கொண்டாள். ‘நெஞ்சு சளி’ வரை தானே தட்டி, குழந்தைக்கு என்று சேர்த்துத் தேடினாள்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை ரசீத்திடம் வீடியோவில் பேசும்போது உடம்பு எப்படி என்று விசாரித்தாள். எனக்கென்ன கேடு, கல்லு மாதிரி இருக்கேன் என்றான். சாப்பிட்ட தட்டைக் காட்டிச் சிரித்தான்.

நோன்பு பிறப்பதற்குள் அவன் மையித்து பெட்டியில் வந்து சேர்ந்தது. தூக்கத்திலேயே மாரடைப்பு என்றார்கள்.

புருஷனுக்காக வீட்டுக்குள்ளேயே துக்கம் காத்து இத்தாவில் இருந்தபோது பிள்ளைக்கு மறுபடியும் இருமல். மறுபடியும் ‘நெஞ்சு’. அதே வரி வந்தது. அதன் கீழே அன்றைக்கு அவள் கேட்ட ‘நெஞ்சு சளி குழந்தைக்கு’. இரண்டுக்கும் முன்னால் சின்னக் கடிகாரக் குறி. மற்ற வரிகளுக்கெல்லாம் பூதக்கண்ணாடி.

தான் கேட்டதற்குக் கடிகாரம். அப்படியென்றால் மற்றதைக் கேட்டது யார்?

முஆத் வந்து பார்த்தான். போனில் யார் கணக்கு இருக்கிறது என்று திறந்து பார்த்தான்.

“எல்லாரும் கேக்குததுன்னு சொன்னியேடா.”

“பூதக்கண்ணாடி போட்டதுதான் லாத்தா அது. கடிகாரம் போட்டது இந்தக் கணக்குல கேட்டது. மச்சான் அங்கன கேட்டது இங்கனயும் வரும். அவுஹ கணக்கு இதுல கெடக்குன்னு அன்னைக்கு எனக்குத் தோணலயே.”

கணக்கை எடுத்துவிடட்டுமா என்று கேட்டான். எடுத்தால் இந்த வரிகள் இங்கே வருமா என்று கேட்டாள். வராது என்றான். அவள் போனை வாங்கிக்கொண்டாள்.

அவன் போனபிறகு பெட்டியைத் துடைத்துவிட்டு ‘அ’ என்று மட்டும் தட்டினாள். ‘அஞ்சு வயசு பிள்ளைக்கு கவுன் அளவு’ என்று வந்தது. முன்னால் கடிகாரம்.

அது அவள் கேட்டதல்ல; அஸீலாவுக்கு அஞ்சு வயசு. பிறகு அதை அழித்து, ‘ஆ’ தட்டினாள்.