கறுப்புக் கண்ணாடியும் பக்கத்து வீட்டு நாயும்

அக்காவுக்கு முப்பத்தேழு வயது. பல் செட் செய்யும் லேபில் பன்னிரண்டு வருடமாக வேலை. வீட்டில் தங்கை கூப்பிடுவதும் அக்கா, லேபில் அவளைவிட மூத்தவர்கள் கூப்பிடுவதும் அக்கா. நாமும் அப்படியே கூப்பிட்டுவிட்டுப் போவோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அவள் ஒரு தச்சரைச் சந்திக்க வேண்டும். துணை தேடும் ஆப்பில் மூன்று வாரமாக எழுதிக்கொண்டிருக்கிறார். நல்ல மனிதராகத் தெரிந்தார். அதுதான் தொல்லையே. மோசமான ஆளாக இருந்திருந்தால் அவள் இவ்வளவு யோசித்திருக்க மாட்டாள்.

காரணம் அவள் முகம். இரண்டு கண்களைச் சுற்றியும், உதட்டோரத்திலும், மோவாயிலும் வெண்புள்ளி. வலி கிடையாது, யாருக்கும் ஒட்டாது. லேபில் எல்லோருக்கும் பழகிவிட்டது. ஆனால் முதல் தடவை பார்க்கிறவர்களின் முகம் ஒரு நொடி மாறும் பாருங்கள், அந்த ஒரு நொடிக்குத்தான் அவளுக்குப் பயம். இரண்டு மாதத்துக்கு முன் இதே ஆப் வழியாக ஒருவர் காபிக் கடைக்கு வந்தார். மேஜை மேஜையாகக் கண்ணை ஓட்டினார். அக்கா கையைத் தூக்கியதும் அந்த நொடி வந்தது. "வண்டிய ஒழுங்கா நிறுத்தலன்னு நெனைக்கிறேன், இதோ வந்துடறேன்" என்று போனவர் போனவர்தான். அக்கா நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தாள். அதில் முப்பத்தைந்து நிமிடம், அவர் வரமாட்டார் என்று தெரிந்தே உட்கார்ந்திருந்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் தங்கையிடம் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை போகல. ஒடம்பு சரியில்லன்னு எழுதிடப் போறேன்."

தங்கைக்கு விமான நிலையத்தில் வேலை. பயணிகளின் பாஸ்போர்ட்டையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு உள்ளே விட வேண்டும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், அதே ஆப்பில் தனக்காக இன்னொரு நூறு முகங்களைத் தள்ளுவாள். முகம் பார்த்தே காலம் தள்ளுகிறவள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"போனக் குடு. நீ வாயத் தொறக்காத. உன்னத் தெரியாத ஆளு மாதிரி பாக்கறேன்."

முதல் படம், கடற்கரையில் பெரிய கறுப்புக் கண்ணாடியோடு எடுத்தது. தங்கை கட்டைவிரலால் தள்ளிவிட்டாள்.

"ஏய், பாக்கவே இல்லையே நீ."

"பாத்தாச்சு. இவ்ளோதான் பாப்பாங்க, ஒரு நொடி. கண்ணு தெரியல. கண்ணு தெரியலன்னா இவங்க சிரிக்கறாங்களா, சும்மா பல்லக் காட்டறாங்களான்னு சொல்ல முடியாது. உடனே என்ன தோணும்? எதையோ மறைக்கறாங்க. கல்யாணம் ஆனவங்களோ, யாருக்கும் அடையாளம் தெரியக் கூடாதோ."

"கடற்கரைல எல்லாரும்தான் கண்ணாடி போடறாங்க."

"நாலாவது படமா இருந்தா அது கடற்கரை. அதுக்குள்ள உன் கண்ணப் பாத்திருப்பாங்க. மொதப் படமா வெச்சா முகமூடி."

இரண்டாவது படம், லேபில் ஒருவருக்குப் பிரிவு உபசாரம் நடந்தபோது எடுத்தது. ஏழு பேர். அக்கா கடைசியில், பாதி தோள் வெட்டுப்பட்டு நிற்கிறாள். அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தாள்.

"இதுல நீ எது? மொதப் படத்துல மூஞ்சி தெரிஞ்சிருந்தா இதுல தேடலாம். தெரியலையே. இந்த ஏழு பேர்ல உன்னத் தேடறதா அவங்க வேல? தள்ளிட்டுப் போவாங்க. போகாதவங்க மனசு, இருக்கறதுலயே அழகா இருக்கறவதான் நீன்னு முடிவு பண்ணிக்கும். அப்புறம் அது நீ இல்லன்னு தெரிஞ்சா, நீ ஒண்ணுமே பண்ணாம அவங்க ஏமாந்த மாதிரி ஆயிடும்."

அக்கா அந்தப் படத்தைத் தானும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு, யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். "ஒருத்தர் எழுதியிருந்தாரு. நீலச் சட்ட போட்டிருக்கறவங்க உங்க தோழியா, அவங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னு."

தங்கைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்காவுக்கும் வந்தது. இரண்டு பேரும் சிரித்து முடித்தபோது அக்காவின் கண் ஈரமாக இருந்ததைத் தங்கை கவனித்தாள், அடுத்த படத்துக்குத் தள்ளினாள்.

மூன்றாவது படத்தில் ஃபில்டர். லேப் வாசலில் எடுத்தது. தோல் மெழுகு மாதிரி வழுவழுவென்று இருந்தது, கண் பெரிதாகி, கன்னம் ஒடுங்கி, புள்ளி ஒன்றுகூட இல்லை.

"இது எனக்குப் பிடிச்ச படம்" என்றாள் அக்கா.

"ஒனக்குப் பிடிக்கும். தினம் இதையே பாக்கற எனக்கு ஃபில்டர்னு பாத்ததும் தெரியும், மத்தவங்களுக்கும் தெரியும். ஒரு சுருக்கம், ஒரு மச்சம் இல்லாத முகம் எங்கக்கா இருக்கு? அப்போ நெஜம் எவ்ளோ மோசமோன்னு அவங்களே கற்பன பண்ணிக்குவாங்க. அந்தக் கற்பன உன் புள்ளிய விட மோசமா இருக்கும். நம்பிட்டாங்கன்னா இன்னும் கஷ்டம். நேர்ல வரும்போது இந்தப் பொம்மையத் தேடிக்கிட்டுதான் வருவாங்க."

அக்காவுக்கு வண்டி நிறுத்தப் போனவர் ஞாபகம் வந்தார்.

நான்காவது படத்தில் நாய். பழுப்பு நிறம், நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு.

"இது நல்லது. நாயப் பாத்தா பாசமான ஆளு, பொறுப்பான ஆளுன்னு தோணும். எழுதறதுக்கு ஒரு சாக்கும் கெடைக்கும். தச்சர் என்ன எழுதினாரு மொதல்ல?"

"நாய் பேரு என்னன்னு."

"பாத்தியா. ஆனா நாய் மட்டும்தான் இருக்கு, நீ எங்க? அதோட இது பக்கத்து வீட்டு நாய்."

"தினம் காலைல நடக்கக் கூட்டிட்டுப் போறது யாரு?"

"அத எழுதியிருக்கியா? இல்ல. அவரு உன் நாய்னு நெனச்சுக்கிட்டிருக்காரு."

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. போனைப் பிடுங்கிக்கொண்டாள். "எல்லாம் சரி. புள்ளியோட போட்டா எத்தன பேர் வருவாங்க, அதச் சொல்லு."

தங்கை பொய் சொல்லவில்லை. "கம்மியாத்தான் வருவாங்க. புள்ளியப் பாத்துட்டுத் தள்ளறவங்க இருப்பாங்க, இல்லன்னு சொல்ல மாட்டேன். அவங்க போன்லயே தள்ளிட்டுப் போகட்டும். நீ அங்க ஒக்காந்து அதப் பாக்க வேண்டாம்."

அக்காவுக்கு அது காதில் விழுந்தது, மனதில் இறங்கவில்லை.

மறுநாள் லேபில் ஒரு முழுப் பல் செட்டுக்குச் சீட்டு வந்திருந்தது. எழுபது வயதுக்காரர். இருக்கிற நிறங்களிலேயே வெள்ளையானது, எல்லாப் பல்லும் ஒரே அளவு, ஒரே வரிசை என்று பல் டாக்டர் எழுதியிருந்தார். அக்கா போனை எடுத்தாள். பன்னிரண்டு வருடமாக இதே சண்டை.

"டாக்டர், ஒரு நெறம் கம்மி பண்ணிக்கறேன். ஈறு பக்கம் லேசா மஞ்சள் வெக்கறேன், முன்பல் ஒண்ண மயிரிழ திருப்பி வெக்கறேன். நீங்க சொல்ற மாதிரி செஞ்சா அவரு வாயத் தொறந்ததும் செட்டுன்னு தெரிஞ்சிடும். பாக்கறவங்க பல்லத்தான் பாப்பாங்க, அவரப் பாக்க மாட்டாங்க."

டாக்டர் வழக்கம்போல முனகிவிட்டு ஒத்துக்கொண்டார். அக்கா போனை வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது. ஊரில் உள்ள வாய்க்கெல்லாம் படித்துப் படித்துச் சொன்னவள், தன் முகத்துக்கு மட்டும் அதைச் சொல்ல மறந்திருக்கிறாள். "அட மக்கு" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டியதும் கொஞ்சம் லேசாக இருந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், பக்கத்து மேஜையில் வேலை செய்கிற, அந்த ஏழு பேர் படத்தில் நீலச் சட்டை போட்டிருந்த தோழியிடம் தன்னைப் படம் எடுக்கச் சொன்னாள். லேபின் அதே வாசலில், வெளிச்சம் முகத்தில் நேராக விழும்படி நின்றாள். கண்ணாடி இல்லை, ஃபில்டர் இல்லை, புள்ளிகள் எல்லாம் இருந்தன. சிரிக்கச் சொன்னபோது சிரிப்பு வரவில்லை. "நீலச் சட்டைக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னு எங்கிட்ட விசாரிச்சாங்க தெரியுமா" என்று தோழி அணிந்திருந்த அதே சட்டையைக் காட்டி அக்கா சொன்னபோது, இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் முதல் படம். இரண்டாவது, ஏப்ரனோடு மேஜையில் பல் செதுக்கும் முழு உருவம். மூன்றாவது, அவளும் தங்கையும் மட்டும். கடற்கரைப் படத்தைக் கடைசிக்குத் தள்ளினாள். அதற்கு முன்னால், தங்கை எப்போதோ எடுத்த, நாய் அவள் தோளில் காலைப் போட்டிருக்கும் படம். அடியில் எழுதினாள்: "நாய் பக்கத்து வீட்டுக்காரருடையது. காலை நடை மட்டும் என்னுடையது."

தச்சருக்கும் ஒரு வரி அனுப்பினாள். "படங்கள மாத்தியிருக்கேன். ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துடுங்க."

வெள்ளி சாயங்காலம் பதில் இல்லை. சனி காலையில் நாயோடு நடந்தபோது ஒவ்வொரு விளக்குக் கம்பத்தடியிலும் நாய் நின்றது, அவளும் நின்று போனைப் பார்த்தாள். பதில் இல்லை. பார்த்திருப்பார், தள்ளியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். அழுகை வந்தது, அடக்காமல் இரண்டு தெரு அழுதாள். ஆனால் ஒன்று, காபிக் கடையில் உட்கார்ந்து அழுவதற்கு இது எவ்வளவோ மேல்.

மதியம் பன்னிரண்டு மணிக்கு, கடைக்குப் போகும் வழியில் போன் துடித்தது.

"மன்னிச்சுக்குங்க. நேத்து மத்தியானத்துலேருந்து ஒரு வீட்டுக் கூரைல வேல, போன் கருவிப் பையில மாட்டிக்கிச்சு. படம் பாத்தேன். கதவு நேராயிடுச்சு."

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன கதவு என்று கேட்டாள்.

"முன்னாடி ஒரு படம், ஏதோ வாசல்ல நிப்பீங்க. ஒங்க கன்னத்துக்குப் பக்கத்துல கதவு நிலை உள்பக்கமா வளைஞ்சிருக்கும். மூணு வாரமா அதையே பாத்துக்கிட்டிருந்தேன். எவன்டா இப்படி நிலை வெச்சவன்னு. அப்புறம்தான் தோணுச்சு, முகத்த ஒடுக்குற ஃபில்டர், பக்கத்துல இருக்கற மரத்தையும் சேத்து இழுத்திருக்குன்னு. அப்போலேருந்து பயம். கண்ணுக்குக் கண்ணாடி, முகத்துக்கு ஃபில்டர், அவங்க மறைக்கறது என்னவோன்னு. புருஷன் இருக்காரோன்னு கூட நெனச்சேன். ஞாயித்துக்கிழமை வர்றதா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். இதுதானா?"

அக்கா அந்தக் கடைசி வார்த்தையைப் பல தடவை படித்தாள். மோவாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"இதுதான்" என்று எழுதினாள்.

"சரி. இன்னொண்ணு சொல்லிடறேன். நாய் ஒங்களுது இல்லங்கறது பெரிய நிம்மதி. எனக்கு நாய்னா நடுக்கம். கடிக்குமான்னு கேக்க வெக்கமா இருந்துச்சு, அதான் பேரக் கேட்டேன்."

அக்கா தெருவில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காபிக் கடையில் எட்டு மேஜையும் நிறைந்திருந்தது. அக்கா சுவரோரம், வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்தது. உயரமான ஒருவர், கழுவியும் போகாத மரத்தூள் நகத்தில். தச்சர்தான். அக்காவின் கை பழக்கத்தில் மேலே எழப் பார்த்தது; தேவைப்படவில்லை. அவர் எந்த மேஜையையும் தேடவில்லை. உள்ளே நுழைந்ததும் அவளைப் பார்த்தார், நேராக நடந்து வந்தார், நாற்காலியை இழுத்தார்.

"ரொம்ப நேரமாச்சா?"

"இல்ல, இப்பதான் வந்தேன்."

அவர் முகம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். பார்க்க மறந்துவிட்டாள். அந்த ஒரு நொடி அவருக்கும் வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம். வந்திருந்தால் நேற்று ஏதோ ஒரு வீட்டுக் கூரையில், அவள் இல்லாத இடத்தில் வந்து, முடிந்தும் போயிருந்தது. அது முடிந்த பிறகும் வந்திருக்கிற மனிதர் எதிரே உட்கார்ந்து, காபிக்கு யாரைக் கூப்பிடுவது என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தார்.