நிரந்தரம் என்று ஒரு வரி

அந்தத் தொழிற்சாலையில் யாருக்கு வேலைச் சான்றுக் கடிதம் தேவைப்பட்டாலும், விசாவுக்கோ வங்கிக் கடனுக்கோ, அடித்துக் கொடுப்பவள் அவள்தான். ஒன்பது வருஷமாக அதுதான் வேலை. எல்லாரும் "லெட்டர் அக்கா" என்றே கூப்பிட்டார்கள்.

ஆனால் லெட்டர் அக்கா கம்பெனி ஆள் இல்லை. ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றின் கணக்கில் இருந்தாள். போன வருஷம், வீட்டுக்காரர் முகம் வாடிக் கிடந்த ஒரு நாளில், "என்னைப் பெர்மனென்ட் ஆக்கிட்டாங்க" என்று சொல்லிவைத்தாள். மனிதர் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்துவிட்டார். இப்போது வீட்டுக் கடனுக்கு அவள் வேலைச் சான்றும் வேண்டும் என்கிறார்.

மேனேஜரிடம் கேட்க நா எழவில்லை. கம்பெனித் தாளில் தன் பெயரை அடித்தாள். கீழே 'நிரந்தரப் பணியாளர்' என்றும் அடித்தாள். கையெழுத்துக்குப் போன காகிதக் கட்டின் நடுவில் செருகினாள். மேனேஜர் படிக்காமலே போட்டுவிட்டார். முத்திரையை அவளே குத்தி, சம்பளச் சீட்டோடு பேங்க்குக்கு அனுப்பினாள்.

நாலாம் நாள் மேசைத் தொலைபேசி அடித்தது.

"பேங்க்லேர்ந்து பேசறேங்க. உங்க ஸ்டாஃப் ஒருத்தங்க லெட்டரைச் சரிபார்க்கணும்." ஒரு பெண் குரல், அவள் பெயரையே வாசித்தது. "சம்பளச் சீட்டுல வேற ஏஜென்சி பேரு இருக்கு. இவங்க அங்க பெர்மனென்ட்டா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எதிர் மேசையில் மேனேஜர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அவளுக்குக் காது மடல்வரை சுட்டது.

"இல்லீங்க. காண்ட்ராக்ட்தான். அந்த லெட்டர் தப்பு."

"கையெழுத்து இருக்கே?"

"சார் பார்க்காம போட்டுட்டாருங்க. அடிச்சது நான்தான். அந்தப் பேரும்... என் பேருதான்."

கேட்டவளுக்கே கூசியிருக்க வேண்டும். "சரிங்க, ஏஜென்சிலேர்ந்து வாங்கிக் கொடுங்க. பார்க்கலாம்" என்று மெதுவாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

மேனேஜர் பேனாவை மூடினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? இங்க ஒன்பது வருஷமா வேலை பாக்கறீங்கன்னு ஏஜென்சிக்காரன் எழுதித் தரணும்ல?" அவரே அவர்களுக்குப் போன் செய்தார். அவள் தலை நிமிரவில்லை.

மறுநாள் ஏஜென்சிக் கடிதம் வந்தது. சேர்ந்த தேதி, சம்பளம், எந்த இடத்தில் பணி, எல்லாம் உள்ளபடி. அதை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு அவள் சுவரைப் பார்த்து நின்றாள். அவர் இரண்டு தடவை படித்தார்.

"அப்ப அந்த மிட்டாய்?"

"பொய்யிங்க."

அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "நாளைக்குப் பேங்க்குக்கு நான் மட்டும் போறேன்" என்றார்.

கடன் கிடைத்தது, கேட்டதில் பாதி. தெருவில் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் கொஞ்ச நாள் அவள் கடைக்குச் சுற்றுவழியாகவே போய்வந்தாள்.