"எல்லாத்தையும் முடிக்கணும்"

வந்தாரய்யா வந்தார்! மருந்து ஜன்னலுக்கு வெளியே இரோஃபியாலாவைக் கண்டதும் எவர்லினுக்குப் பழைய கோபம் மூண்டது. மலைய்டா தீவின் கடலோரத்து அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவள் அவள். சிறுமியாக இருந்தபோது பள்ளிக்கூடப் படகிலிருந்து அவளைக் கையைப் பிடித்து இழுத்து இறக்கியவர் இந்தச் சித்தப்பா.

"பொட்டப் புள்ளைக்கு எழுத்து எதுக்கு? நண்டுக்கு வாசிச்சுக் காட்டவா?" என்றார் அன்று. படகே சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் அவள் காதில் இருக்கிறது.

இன்று அவருடைய வலது கால் சிவந்து வீங்கிக் கிடந்தது. ஃப்ளூக்ளோக்சசிலின் என்ற பெனிசிலின் வகை மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாவிட்டால் காலையே எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஊருக்கே தெரியும், வாயைத் திறந்து சொல்லத்தான் ஆளில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு மருந்து வேளையைக் காட்ட எவர்லின் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுப்பாள், திருப்பிச் சொல்லவைத்துத்தான் அனுப்புவாள். இன்றைக்கு அவளுக்கு மனசு வரவில்லை. கேட்கட்டுமே, வாயால கேட்கட்டும்!

"பெனிசிலின் ஒத்துக்காமப் போயிருக்கா?"

"இல்ல."

சீட்டில் எழுதினாள்: 'தினம் நாலு வேளை, வேளைக்கு ஒன்று. வெறும் வயிற்றில். எல்லாத்தையும் முடிக்கணும்.' குற்றம் சொல்ல இடமில்லை.

"வாசிக்கத் தெரியும்ல, சித்தப்பா?" வரிசை முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்.

"ஏன் தெரியாது?" வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு நொண்டிக்கொண்டு போனார்.

போய்த் தொலை என்று ஜன்னலில் நின்று பார்த்தாள். குழாயடியில் ஒருவரிடம், "கண்ணாடிய மறந்துட்டேன், இதுல என்ன போட்டிருக்கு?" என்று நீட்டினார். அந்த ஆள் எழுத்துக்கூட்டிக் கடைசி வரியை மட்டும் படித்தார்: "எல்லாத்தையும் முடிக்கணும்."

இரோஃபியாலா பையிலிருந்த மாத்திரை அத்தனையையும் உள்ளங்கையில் கொட்டினார்.

முழுங்கட்டும் என்றது அவள் மனசு. முழுங்கிட்டா நாளைக்கு மருந்து ஏது? கால் போகும். ஒரு மூச்சு அப்படியே நின்றாள். பிறகு ஓடினாள்.

"நிறுத்துங்க!" மணிக்கட்டைப் பிடித்தாள், படகில் அவர் பிடித்த அதே இடத்தில்.

"நீதானே எல்லாத்தையும் முடிக்கச் சொன்ன?"

தன் கையால் எழுதிய வரி. ஜன்னலுக்குப் பின்னாலிருந்த அறைக்குள் அவரை அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"தப்பு என்னோடது. ஆனா பேனாவ நீங்க பிடிங்க."

"நானா?"

"உதிக்கிற சூரியன் ஒண்ணு, உச்சியில ஒண்ணு, சாயுறது ஒண்ணு, தூங்கப்போறப்ப நிலா. ஒவ்வொண்ணுக்கும் ஒரே மாத்திரை, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி. வீக்கம் வத்தினாலும் பை காலியாகுற வரைக்கும் விடக்கூடாது. தோல் தடிச்சு அரிச்சா, மூச்சு முட்டுனா, நிறுத்திட்டு உடனே ஓடி வாங்க. இப்ப நீங்க சொல்லுங்க."

கோணல் சூரியன்களையும் ஒரு நிலாவையும் வரைந்தார். சொன்னார், தடுமாறினார், மறுபடி சொன்னார்.

"பழி வாங்கிட்டியா, பொண்ணே?"

"இன்னும் இல்ல. அந்தக் கால் பிழைக்கணும். தினமும் அதுலயே நடந்து, பள்ளிக்கூடப் படகுத்துறைக்கு உங்க பேத்தியக் கூட்டிட்டுப் போகணும்."