மூன்றாம் துண்டின் கடைசி நொடிகள்

அவளை எல்லோரும் கத்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். செல்போன் கடையில் அவளுக்கு ஒரு மூலை, ஒரு கம்ப்யூட்டர். நிச்சயதார்த்தம், பிள்ளைகளின் நடனம், கட்சிக்காரர் பேச்சு என்று எந்த நீள வீடியோ வந்தாலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கிற மாதிரி துண்டு போட்டுக் கொடுப்பாள். ஸ்டேட்டஸ் ஒரு தடவைக்கு ஒரு நிமிடம்தான் எடுக்கும். அதற்கு மேல் போனால் மிச்சத்தை அதுவே நறுக்கிவிடும்.

அன்று மதியம் கடையில் நிற்க இடமில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு சரக்குக் குடோன் வாட்ச்மேன் வந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"கத்திரி, இதை உடனே ஸ்டேட்டஸுக்கு வெட்டிக் குடும்மா. நாலு நிமிஷத்துக்கு மேல இருக்கு."

"என்னண்ணே, சண்டையா?"

"சண்டையா, கொலை! ஆம்புலன்ஸ் கூட நான் போகணும். யார் பண்ணாங்கன்னு எல்லாரும் பாக்கட்டும்."

திரையில் யார் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். கேமரா ஆடிக்கொண்டே இருந்தது, தொடக்கத்தில் முகம் எதுவும் சரியாகத் தெரியவில்லை. பின்னால் நின்ற பெண் வேறு, "எனக்கு எப்ப?" என்று மேஜையைத் தட்டினாள். ஒரு நிமிடத் துண்டுகள் என்று போட்டு, வேகமாக வெட்டும் வழியை அமுக்கினாள் கத்திரி. வாட்ச்மேனின் போனுக்கு அனுப்பினாள். எதையும் ஓட்டிப் பார்க்கவில்லை. அவர் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் வரிசையாக ஏற்றிவிட்டு ஓடினார்.

அதே குடோனில்தான் அவள் தம்பி மூட்டை தூக்குகிறான். சற்று நேரத்தில் அவனே கடைக்குள் வந்தான். மார்பு முழுக்க ரத்தம்.

"ஐயோ! எங்கடா அடி?"

"என் ரத்தம் இல்லக்கா. மேஸ்திரியோடது. ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் குடிச்சிட்டு வண்டிய எடுக்கப் பாத்தான். மேஸ்திரி சாவிய புடுங்கிட்டாரு. இரும்புக் குழாயால மண்டைலயே போட்டான். இன்னொண்ணு போடறதுக்குள்ள நான்தான் குழாய புடுங்குனேன். கொஞ்சம் தண்ணி குடு."

அவன் தண்ணீரைக் குடித்து முடிக்கவில்லை. வாசலில் மூன்று பைக்குகள் வந்து நின்றன. முதலில் இறங்கியவர் மேஸ்திரியின் அண்ணன், கறிக்கடைக்காரர். கடையிலிருந்து அப்படியே வந்திருந்தார், கையில் வெட்டுக்கத்தி. பக்கத்தில் அவர் மனைவியின் தம்பி, அதே ஃபோர்க்லிஃப்ட் டிரைவர்.

"இவன்தான் மச்சான்! இவனேதான்! ஸ்டேட்டஸ்ல பாத்தீங்கல்ல!" என்று எல்லோரையும்விட அவன்தான் உரக்கக் கத்தினான்.

கண்ணாடி மேஜை ஒரே உதையில் நொறுங்கியது. கடை முதலாளி பின்கதவு வழியாக ஓடினார். தம்பியை முடியைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனார்கள், உடைந்த கண்ணாடிமேல் அவன் முழங்கால்கள் தேய்ந்தன.

"நான் இல்லண்ணே, நான் தடுக்கத்தான்..."

"குழாய கைல வச்சிக்கிட்டு நிக்கற! என் தம்பி கீழ கெடக்கறான்! என் கண்ணால பாத்தேன்டா!"

கறிக்கடைக்காரர் கத்தியை ஓங்கினார். தலையைக் காக்கத் தம்பி கையைத் தூக்கினான். கத்தி கையில் இறங்கியது. எலும்பு உடைந்த சத்தம் கடைக்குள் வரை கேட்டது. கத்திரி ஓடிப்போய் அவர் தோளில் தொங்கினாள். யாரோ அவளை வயிற்றில் உதைத்துக் கடைக்குள் தள்ளினார்கள். கம்ப்யூட்டர் மேஜையோடு மோதி விழுந்தாள்.

'கண்ணால பாத்தேன்' என்ற சொல்தான் அவளை எழுப்பியது. எதைப் பார்த்தார்? துண்டுகள் இன்னும் திரையில் இருந்தன. மூன்றாவதைத் திறந்தாள். ஒரு நிமிடம் என்று போட்டது ஒரு நிமிடத்தைத் தாண்டி ஓடியது. வேகமான வழியில் நினைத்த இடத்தில் வெட்டு விழாது, படம் புதிதாகத் தொடங்குகிற இடம் வரும்வரை காத்திருந்துதான் விழும். சில நொடிகள் கூடிவிடும். கூடியதை ஸ்டேட்டஸ் நறுக்கியிருக்கிறது. நறுக்கப்பட்டது எது என்று இப்போதுதான் பார்த்தாள். குழாய் மேஸ்திரியின் தலையில் இறங்கியதும், தம்பி பாய்ந்து அதைப் பிடுங்கியதும் அந்தச் சில நொடிகளில்தான். நான்காவது துண்டு தொடங்கும்போது குழாய் தம்பி கையில் இருந்தது.

வாசலைப் பார்த்து மாட்டியிருந்த விளம்பர டிவியில் முழு வீடியோவையும் போட்டாள். அந்த இடத்துக்குத் தள்ளினாள். சத்தத்தை முழுக்க ஏற்றினாள்.

"இதப் பாருங்க! ஸ்டேட்டஸ்ல இது விட்டுப்போச்சு! வெட்டுனது நான்! தப்பு என்னோடது! பாத்துட்டு அப்புறம் வெட்டுங்க!"

"சாவிய குடுடா நாயே!" என்று டிவி அலறியது. டிரைவரின் குரல், தெருவுக்கே தெரிந்த குரல். குழாய் இறங்கியது. அவள் பின்னால் தள்ளி மறுபடி ஓட்டினாள். மறுபடி இறங்கியது.

தம்பியின் கழுத்தைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. கறிக்கடைக்காரர் மெல்லத் திரும்பினார்.

"மச்சான், அது வந்து... கை தவறி..."

"என்கூடவே வண்டில உக்காந்து வந்தியேடா."

ஓட நினைத்தவனைக் கூட வந்தவர்களே பிடித்துத் தள்ளினார்கள். கறிக்கடைக்காரர் மறுபடி கத்தியை ஓங்கினார். முதல் வெட்டு தோளில், அடுத்தது கழுத்தில். கத்திரி "வேண்டாம்! வேண்டாம்!" என்று கத்திக்கொண்டே டிவியை அணைத்தாள், அதை அணைத்தால் அவர் நின்றுவிடுவார் என்பதுபோல. நிற்கவில்லை. போலீஸ் வரும்போது கறிக்கடைக்காரர் நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். கத்தியை அவரே நீட்டினார்.

ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் ஆஸ்பத்திரி வாசலிலேயே இறந்தான். மேஸ்திரி பிழைத்தார், ஆனால் பேச்சு குழறியது. அண்ணன் ஜெயிலில் என்பதை அவரிடம் சொல்ல வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை.

தம்பிக்கு ஆபரேஷன் நடந்தது. இரண்டு விரல்கள் இனி மடங்காது என்றார்கள். அதற்குள் பழைய துண்டுகள் கைமாறி எங்கெங்கோ போயிருந்தன. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒருத்தன் அவளிடமே, "குழாயால அடிச்சவன் இங்கதான் படுத்திருக்கானாமே?" என்று கேட்டான்.

அவள் கடைக்குத் திரும்பி, கண்ணாடித் தூளைப் பெருக்கித் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். இந்த முறை மொத்த நீளத்தை ஐந்தால் வகுத்தாள். ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குக் குறைவாக, சமமாக வந்தது. வேகமான வழியை விட்டுவிட்டு, முழுப் படத்தையும் மறுபடி எழுதி வெட்டும் வழியைப் போட்டாள். நேரம் பிடித்தது, பிடிக்கட்டும் என்று இருந்தாள். ஐந்தையும் முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்த்தாள். அந்தக் குழாயின் சத்தம் வரும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு தன் போனிலும், வாட்ச்மேனை வரவழைத்து அவர் போனிலும் வரிசை மாறாமல் ஏற்றினாள்.

மறுநாள் தம்பி கண் விழித்தான்.

"அக்கா, சரியா வெட்டிப் போட்டியா?"

"போட்டேன்டா."

"எல்லாரும் பாத்தாங்களா?"

அவள் போனைப் பார்த்தாள். முதல் துண்டைத் தெருவே பார்த்திருந்தது. இரண்டாவதைப் பாதிப் பேர். அவன் குழாயைப் பிடுங்குகிற துண்டுவரை வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் சண்டையைப் பார்த்ததே போதுமென்று தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள்.

போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"பாத்தாங்கடா. நீ தூங்கு."