துணி இன்னும் மெஷினுக்குள்தான் இருக்கிறது

1

“வீட்டுல சோப்புத்தூள் தீர்ந்துபோச்சுன்னு முதல்ல யாருக்குத் தெரியும், சொல்லு?”

அக்கா ஒருநாள் என்னைக் கேட்டாள். பதில் தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. அப்போது சொல்லாததுதான் இப்போது இந்தக் கதை.

அக்காவுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மாமா பஸ் ஓட்டுகிறார். இரண்டுமே முழுநேர வேலை. ‘மாமா ஒரு சோம்பே…’ என்று எழுத ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். அபாண்டம். சமையலும் துணியும் அவர் பொறுப்பு. பாத்திரம், பெருக்குவது, குளியலறை கழுவுவது அக்கா. சரிபாதி.

(நானும் அந்த வீட்டில்தான் இருக்கிறேன். கதைக்குள் தலையைக் காட்டினால் எல்லாப் பாத்திரமும் என் தலையில் விழும், கதையும் முடிந்துவிடும். அதனால் நான் இல்லை.)

2

அந்தச் சரிபாதியில் ஓர் ஓட்டை இருந்தது. மாமா நன்றாகச் சமைப்பார். ஆனால் என்ன சமைப்பது, எண்ணெய் எங்கே, வெங்காயம் வாங்கணுமா என்று எல்லாவற்றுக்கும் அக்காவுக்கு போன் போட்டுவிடுவார். அவள் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டே வீட்டு அடுப்பை நடத்துவாள். அவர் மடித்து வைத்த துண்டுகளைப் பிரித்து மறுபடி மடிப்பாள். (இது அவள் தப்பு. எழுதாமல் விட்டால் மாமாவுக்கு அநியாயம்.)

இந்தச் சமயத்தில் பிரிவுத் தலைவி பதவி அவளைத் தேடி வந்தது. வேண்டாம் என்று சொல்லப்போவதாக மாமாவிடம் சொன்னாள்.

“ஏம்மா?”

“அங்க பத்து பேர் வேலைய நான் நினைவு வச்சிருக்கணும். இங்க ஏற்கெனவே உங்க வேலையையும் சேர்த்து நினைவு வச்சிருக்கேன். தலையில இடமில்லங்க.”

“நீ சொன்னா நான் செய்யமாட்டேனா?”

“சொல்றதே ஒரு வேலைங்க.”

இந்த இடத்தில் மாமாவின் கண் கலங்கியது என்று எழுதினேன். கலங்கவில்லை. காதைச் சொறிந்துகொண்டு யோசித்தார்.

“ரூட்டு மொத்தமும் எனக்குத் தெரியும். ஆனா ஒவ்வொரு திருப்பத்துலயும் உன்னைக் கேட்டுத்தான் திரும்பியிருக்கேன், இல்ல?” என்றார். “இனிமே துணின்னா தூள் வாங்குறதுலேருந்து மடிச்சு அடுக்குற வரைக்கும் என்னோடது. சமையலும் அப்படித்தான். நீ ஞாபகப்படுத்தக் கூடாது. மடிச்சதப் பிரிக்கவும் கூடாது.”

“கோணலா மடிச்சிருந்தா?”

“கோணலா தொடைச்சுக்கோ.”

அக்கா சிரித்துவிட்டாள். பதவிக்குப் பதில் சொல்ல மறுநாள்தான் கடைசி நாள்.

3

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் துணி நாறுகிறது, மாமா மூக்கைப் பிடித்துக்கொண்டு மறுபடி துவைக்கிறார். இன்னொன்றில் நேரத்தோடு காயப்போட்டுவிட்டு ஊரையே கூப்பிட்டுக் காட்டுகிறார். மூன்றாவதில் அக்கா…

வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்கிறேன், மிச்சம் உங்கள் பாடு.

மறுநாள் காலை அக்கா கிளம்பினாள். மெஷின் எப்போதோ நின்றிருந்தது. ஈரத்துணி உள்ளேயே கிடந்தது. மத்தியானம் டியூட்டிக்கு மாமா போட்டுக்கொள்ள வேண்டிய யூனிஃபார்மும் அதற்குள்தான். மாமா முதுகைக் காட்டியபடி தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தார்.

அவள் வாயைத் திறந்தாள். (‘ஏங்க, துணி’ என்று இங்கே நான் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.) செருப்பை மாட்டினாள். மெஷினை ஒருமுறை பார்த்தாள். அவர் முதுகை ஒருமுறை பார்த்தாள்.

ஒரு வார்த்தையும் சொல்லாமல் போய்விட்டாள்.